பிளஸ் டூ வேதியியல் ஆசிரியர்களுக்கு: சர்க்கரையைத் தலைகீழாகவும் வரைந்து கேளுங்கள்

அன்புள்ள ஆசிரியர்களுக்கு வணக்கம்.

‘OH வலப்பக்கம் என்றால் D, இடப்பக்கம் என்றால் L’ என்று ஒரே வரியில் நடத்திவிடுகிறோம். பிஷர் படத்தில் எந்தக் கார்பனின் OH, படம் எந்தப் பக்கம் பார்த்து நிற்க வேண்டும் என்பதெல்லாம் பிள்ளைகளின் யூகத்துக்குப் போய்விடுகிறது. கரும்பலகையில் ஒருமுறை இதை வரைந்து, D-யா L-ஆ என்று கேட்டுப் பாருங்கள்.

```
     CH2OH
HO ----+---- H
HO ----+---- H
H  ----+---- OH
HO ----+---- H
      CHO
```

பாதி வகுப்பு கடைசிக் கார்பனைப் பார்த்து L என்னும். கொஞ்சம் விவரமானவர்கள் CHO-வுக்கு மிகத் தொலைவிலுள்ள சீர்மையற்ற கார்பனைச் சரியாகக் கண்டுபிடித்து, அதாவது மேலே முதல் வரியைப் பார்த்து, அவர்களும் L என்பார்கள். இது சாட்சாத் D-குளுக்கோஸ். தாளை 180 பாகை சுற்றினால் CHO மேலே வரும், ஐந்தாம் கார்பனின் OH வலப்பக்கம் வந்துவிடும். முதலில் படத்தை நிமிர்த்த வேண்டும், அப்புறம்தான் வலமும் இடமும்.

ஏன் 180 பாகை மட்டும்? இந்தப் படத்தில் கிடைக்கோடு நம்மை நோக்கி வரும் பிணைப்பு, நிலைக்கோடு பின்னால் போகும் பிணைப்பு. 180 பாகை சுற்றினால் கிடை கிடையாகவே இருக்கும். கிளிசரால்டிஹைடை 90 பாகை சுற்றிவிட்டுப் படித்தால், முன்னால் வந்ததைப் பின்னால் போவதாகப் படிப்போம். D, L ஆகிவிடும். தோசையைத் திருப்புவதுபோலத் தாளைக் குப்புறப் போட்டாலும் அதே கதிதான்.

இன்னொன்று, விடைத்தாள் திருத்துகிறவர்களுக்கு. L-குளுக்கோஸ் வரையச் சொன்னால் பலர் ஐந்தாம் கார்பனை மட்டும் மாற்றுகிறார்கள். நிமிர்ந்த D-குளுக்கோஸில் OH-கள் மேலிருந்து வலம், இடம், வலம், வலம். கடைசியை மட்டும் மாற்றினால் வலம், இடம், வலம், இடம். அது L-வரிசைச் சர்க்கரைதான், ஆனால் பெயர் L-ஐடோஸ். L-குளுக்கோஸ் D-குளுக்கோஸின் ஆடி பிம்பம் என்பதால் நான்கும் மாற வேண்டும்: இடம், வலம், இடம், இடம். D, L என்ற எழுத்தைத் தீர்மானிப்பது ஒரு கார்பன். குளுக்கோஸ் என்ற பெயரைத் தீர்மானிப்பது நான்கும் சேர்ந்த அமைப்பு. இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் மதிப்பெண்ணை மட்டும் வெட்டினால் பிள்ளைக்கு எதுவும் புரியாது.

D என்றாலே வலஞ்சுழி என்று எழுதுவதையும் ஃபிரக்டோஸைக் காட்டி நிறுத்திவிடலாம். அதில் இரண்டாம் கார்பன் கீட்டோன், ஐந்தாவதன் OH வலப்பக்கம், எனவே D. ஆனால் ஒளியை இடப்பக்கம் சுழற்றுகிறது. படத்தைப் பார்த்து D, L சொல்லலாம். கூட்டல், கழித்தல் குறிக்குப் போலாரிமீட்டர்தான் வேண்டும்.

அடுத்த திருப்புதல் தேர்வில் மேலே உள்ள படத்தை அப்படியே இரண்டு மதிப்பெண் கேள்வியாக வையுங்கள். ஒரு மதிப்பெண் எழுத்துக்கு, இன்னொன்று எப்படி நிமிர்த்தினார்கள் என்பதற்கு.

அன்புடன்,
ஒரு வேதியியல் ஆசிரியர்