பெறுநர் இல்லாத கடிதங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் தொடக்க வகுப்பு மொழிப்பாடம் பற்றி வெளிவந்த கட்டுரையில் ஒரு வரி: ‘குழந்தைகளின் கடிதங்களை நிஜமாகவே ஆளுக்கு அனுப்பிவைப்பது இன்றைய விளம்பர மோகம், அந்த வயதில் வடிவம் மனத்தில் படிந்தால் போதும்.’ கட்டுரையாளர் வகுப்பறைக்குள் கடைசியாக எப்போது நுழைந்தார் என்று கேட்கும் உரிமை எனக்கில்லை. ஆனால் ‘இன்றைய மோகம்’ என்பதை மட்டும் விட்டுவிட முடியவில்லை. பிரான்சில் செலஸ்டின் ஃப்ரெனே என்ற கிராமத்து ஆசிரியர் 1920களிலேயே வகுப்பில் அச்சுப்பொறி வைத்து, தொலைவிலிருந்த இன்னொரு பள்ளிப் பிள்ளைகளோடு தம் பிள்ளைகளை எழுத்துவழி உறவாட வைத்தார். இதழாசிரியரான தாங்கள் அறியாததல்ல. நூறாண்டுப் பழைய மோகம் என்றாவது திருத்தியிருக்கலாம்.

வடிவம் படிகிறது, ஐயா, நன்றாகவே படிகிறது. பாட்டிக்கு எழுதிய கடிதத்தில் ‘பொருள்: நலம் விசாரித்தல் தொடர்பாக’ என்று எழுதிய பிள்ளை என் வகுப்பில் இருந்தான். தலைமையாசிரியருக்கு எழுதிய விண்ணப்பத்தை ‘நலம், நலமறிய ஆவல்’ என்று தொடங்கியவளும் இருந்தாள். அனுப்புநர், பெறுநர், தேதி, இப்படிக்கு எல்லாம் உரிய இடத்தில் இருந்தன, மதிப்பெண்ணும் கிடைத்தது. தேர்வுத்தாளில் ‘உன் தோழனுக்குக் கடிதம் எழுதுக’ என்று கேட்கிறார்கள். அந்தத் தோழன் பக்கத்தில் உட்கார்ந்து அதே கடிதத்தை இவனுக்கு எழுதிக்கொண்டிருக்கிறான்.

அனுப்பினால் என்ன நடக்கும் என்பதை நான் பார்த்திருக்கிறேன். நான்காம் வகுப்பில் பிள்ளைகளின் நெடுநாள் புகார் ஒன்று உண்டு: பள்ளி நூலகத்தில் கதைப்புத்தகங்கள் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கின்றன. இதையே இரண்டு பேருக்கு எழுதச் சொன்னேன். ஒருவர் நூலகர். மற்றவள் ஆண்டின் நடுவில் வேறு பள்ளிக்கு மாறிப் போன எங்கள் வகுப்புப் பெண். நூலகருக்குப் போன முதல் கடிதம் இது: ‘நம் நூலகத்தில் பல குறைகள் உள்ளன. அவற்றைக் களைந்து ஆவன செய்யுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.’ வழிகாட்டி நூலிலிருந்து இறங்கிவந்த வாக்கியம். நான் திருத்தவில்லை, அப்படியே கொடுத்தனுப்பினேன். நூலகர் நல்ல மனிதர், ஆனால் கறாரானவர். அவருடைய பதில்: ‘எந்தக் குறை? எந்த அலமாரி? நான் என்ன செய்ய வேண்டும்?’

இந்த மூன்று கேள்விகளையும் என் சிவப்பு மை கேட்டிருந்தால் பிள்ளைகள் திருத்தி எழுதிவிட்டு மறந்திருப்பார்கள். கேட்டவர் பெறுநர் என்பதால் நூலகத்துக்கே ஓடினார்கள். எந்தத் தட்டு வரை யாருடைய கை எட்டுகிறது என்று நின்று பார்த்தார்கள். இரண்டாவது கடிதம் வேறாக இருந்தது: ‘சன்னலுக்கு அருகிலுள்ள அலமாரியில் கதைப்புத்தகங்கள் மேல் இரண்டு தட்டுகளில் உள்ளன. எங்கள் வகுப்பில் மிக உயரமானவளுக்கும் அவை எட்டவில்லை. கீழ்த்தட்டு அகராதிகளை மேலே வைத்து, கதைப்புத்தகங்களைக் கீழே தர முடியுமா?’ பணிவன்பு காணாமல் போயிருந்தது, மரியாதை குறையவில்லை. நூலகர் மறுத்தார். அகராதிகள் கனமானவை, எடுக்கும்போது தலையில் விழுந்தால் ஆபத்து என்று காரணம் எழுதினார். பதிலாக, நடுத்தட்டிலிருந்த பழைய இதழ்களை மேலே ஏற்றிவிட்டு அந்த இடத்தைத் தருவதாகச் சொன்னார். மறுப்புக்குக் காரணம் எழுதிப் பெற்ற அனுபவம் பெரியவர்களிலேயே எத்தனை பேருக்கு உண்டு?

இனி தோழிக்குப் போன கடிதம். ‘நீ நாற்காலி போட்டு ஏறித் திட்டு வாங்குவாயே, அதே அலமாரிதான்’ என்று தொடங்கியது. அலமாரி எங்கே இருக்கிறது என்ற விளக்கமில்லை, தேவையுமில்லை. அவளுக்குத் தெரியும். முறைசார் கடிதத்துக்கும் உறவுக் கடிதத்துக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் பிள்ளைகளுக்குப் பிடிபட்டது. படிப்பவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும், அவரிடம் நமக்கு என்ன வேண்டும் என்ற இரண்டையும் பொறுத்து எது உள்ளே வரும், எது வெளியே நிற்கும் என்பது மாறுகிறது. முகவரியை இடப்பக்கம் எழுதுவதா வலப்பக்கமா என்பது அதன்பின் ஐந்து நிமிட வேலை.

உங்கள் கட்டுரையாளர் சொல்லாத சிக்கல்கள் இதில் உண்டு. வகுப்பே ஒரே கடிதத்தைப் படியெடுத்து ஒருவருக்கு அனுப்பினால் அவர் ஒன்றைப் படித்துவிட்டு மற்றவற்றைக் கட்டிவைப்பார், அது நியாயமும்கூட. குழுவுக்கு ஒரு கடிதம், ஒவ்வொன்றுக்கும் வேறு பெறுநர் என்று பிரிக்க வேண்டும். ‘அருமை, தொடர்ந்து எழுதுக’ என்று எல்லாருக்கும் ஒரே பதில் அனுப்பும் பெறுநர் இருந்தும் பயனில்லை. பதில் வர ஒரு மாதமானால் என்ன கேட்டோம் என்பதே சிறுவர்களுக்கு நினைவிருக்காது. ஆகவே முதல் பெறுநர் அதே வளாகத்தில் இருப்பது நல்லது. வீட்டு முகவரி எழுதக் கூடாது, பள்ளி முகவரிதான். அனுப்புமுன் ஆசிரியர் படித்தாக வேண்டும், ஆபத்தான எதுவும் போய்விடாமல் பார்க்க, அழகுபடுத்த அல்ல. வெளியாளுக்குப் போகும் முறைசார் கடிதத்தில் பிழை திருத்திப் படியெடுக்கச் சொல்கிறேன். தோழிக்குப் போகும் கடிதத்தில் ஒற்றுப்பிழைகள் அப்படியே போகட்டும்.

அனுப்புவதற்கு முன் செய்யும் சோதனை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். விஷயமே தெரியாத வேறு வகுப்புப் பிள்ளையிடம் கடிதத்தைக் கொடுத்து, ‘உன்னை என்ன செய்யச் சொல்கிறார்கள்?’ என்று கேட்க வேண்டும். அவன் விழித்தால் கடிதம் இன்னும் ஆகவில்லை. இதற்கு மதிப்பெண் பட்டியல் எதுவும் வேண்டியதில்லை.

இவ்வளவையும் செய்யவிடாதவர்கள் பற்றி எழுதினால் உங்கள் பக்கம் போதாது. முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில், மேலதிகாரி வருகிறார் என்று பிள்ளைகளின் கடிதங்களுக்கு வண்ண ஓரம் தீட்டிச் சுவரில் மாட்டினார்கள். அஞ்சலில் சேர்க்க வைத்திருந்தவை. பெறுநர் முகவரியோடு ஆண்டு முழுக்கத் தொங்கின. அதிகாரி பாராட்டிவிட்டுப் போனார், அவருக்கு எழுதிய கடிதமும் அந்தச் சுவரில்தான் இருந்தது.

சுவரை மட்டும் குறை சொல்வானேன்? உங்கள் சிறுவர் பக்கத்துக்கு என் வகுப்பிலிருந்தும் ஒரு கடிதம் வந்தது. குறுக்கெழுத்துப் புதிரின் விடை அதே பக்கத்தின் அடியில் இருப்பதால் கண் தானாகவே போய்விடுகிறது, அடுத்த இதழில் வெளியிட முடியுமா என்று கேட்டிருந்தார்கள். காரணமும் கோரிக்கையும் தெளிவாக இருந்த கடிதம். நாங்கள் சோதித்துத்தான் அனுப்பினோம். இதுவரை பதில் இல்லை. கடிதம் எழுதும் பழக்கம் அழிந்துவிட்டதென்று தலையங்கம் மட்டும் வந்தது. படித்து மகிழ்ந்தோம்.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. சிறுவர் பக்கத்தின் அடியில் அஞ்சல் முகவரியையும், வரும் கடிதங்களைப் படிப்பவரின் பொறுப்பு என்ன என்பதையும் அச்சிடுங்கள். இப்போது அந்த இடத்தில் சந்தா விவரம்தான் இருக்கிறது. அதையே பார்த்துச் சந்தாப் பிரிவுக்கு எழுதிவிட்டோமோ என்றுகூடப் பிள்ளைகள் கேட்கிறார்கள். விடையை அடுத்த இதழுக்கு மாற்ற முடியாதென்றால், முடியாது என்று காரணத்தோடு ஒரு அஞ்சலட்டை எழுதினால் போதும். பள்ளி முகவரி அந்தக் கடிதத்தின் இடப்பக்க மேல் மூலையில், உரிய வடிவத்தில் இருக்கிறது.

இப்படிக்கு,
தொடக்கப் பள்ளி மொழியாசிரியை ஒருத்தி