கல்வி உதவித்தொகையை ஆண்டுவாரியாக, பங்குவாரியாகக் கல்லூரிப் பேரேட்டோடு ஒப்பிட்டுச் சரிசெய்யக் கோரி மனு

நாள்: 10.02.2025

அனுப்புநர்: மூன்றாம் ஆண்டு பொறியியல் படிக்கும் மாணவி ஒருவரின் அண்ணன் (பெயர், முகவரி, கைபேசி எண் தனித்தாளில் இணைத்திருக்கிறேன்)

பெறுநர்: மாவட்ட ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நல அலுவலர் அவர்கள்

மதிப்பிற்குரிய அய்யா, வணக்கம்.

என் தங்கை ஒரு சுயநிதிப் பொறியியல் கல்லூரியில், கலந்தாய்வு மூலம் அரசு ஒதுக்கீட்டு இடத்தில் படிக்கிறாள். 2022-23இல் சேர்ந்தாள். போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகை அவளுக்கு ஒழுங்காக அனுமதிக்கப்பட்டு வருகிறது, அதில் எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனாலும் கல்லூரி இரண்டாம் ஆண்டுக்கு 42,200 ரூபாய் பாக்கி என்கிறது, ஏப்ரல் தேர்வுக்கு ஹால் டிக்கெட் தர மாட்டோம் என்றும் சொல்லிவிட்டார்கள். நவம்பர் தேர்வுக்கே அம்மா போய் உறுதிமொழிக் கடிதம் எழுதிக் கொடுத்த பிறகுதான் கொடுத்தார்கள். நான் ஒரு ஹார்ட்வேர் கடையில் கணக்கு எழுதுகிறவன். மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பாஸ்புக்கையும் கல்லூரி கொடுத்த பேரேட்டு நகலையும் வரிவரியாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் இந்த மனுவை எழுதுகிறேன்.

முதலில் பணம் எப்படி வருகிறது என்பது. உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனால் கல்லூரிக் கவுன்டரில் இதை யாருக்கும் புரியவைக்க முடியவில்லை. அவளுடைய பாடப்பிரிவுக்கு அரசு ஒதுக்கீட்டில் ஆண்டுக் கட்டணம் 50,000. வீட்டிலிருந்து போய்வரும் பொறியியல் மாணவிக்குக் கல்விப்படி ஆண்டுக்கு 7,000. ஆக மொத்தம் 57,000. 2021இல் வந்த வழிகாட்டு நெறிமுறைப்படி இதில் 40 சதவீதம் மாநிலப் பங்கு, 60 சதவீதம் மத்தியப் பங்கு. மாநிலப் பங்கு போன பிறகுதான் மத்தியப் பங்கு விடுவிக்கப்படும். அதனால் ஒரே ஆண்டுப் பணம் 22,800, 34,200 என்று இரண்டு தடவையாக, நடுவில் சில மாத இடைவெளி விட்டு மாணவியின் கணக்குக்கு வருகிறது. இந்த 22,800க்குள் கட்டணம் 20,000, கல்விப்படி 2,800. அந்த 34,200க்குள் கட்டணம் 30,000, கல்விப்படி 4,200. கல்லூரிக்குச் சேர வேண்டியது கட்டணப் பகுதி மட்டும்தான். கல்விப்படி மாணவி புத்தகம், எழுதுபொருள் வாங்குவதற்கானது. பாஸ்புக்கில் இந்தப் பிரிப்பு எதுவும் இல்லை, எந்த ஆண்டுக்கான பணம் என்றும் இல்லை, ஆதார் வழி வரவு என்ற குறிப்பும் ஒரு நீண்ட எண்ணும் மட்டும்தான். தவறு இங்கேதான் தொடங்கியது.

14.03.2023 அன்று முதலாண்டு மாநிலப் பங்கு 22,800 வந்தது. 'ஸ்காலர்ஷிப் வந்தால் அப்படியே கட்டிவிட வேண்டும்' என்று கல்லூரியில் சொன்னதால் 22,800ஐயும் கட்டினோம். மத்தியப் பங்கு 34,200 வந்தது 09.10.2023இல், அதாவது அவள் இரண்டாம் ஆண்டுக்குப் போன பிறகு. அதையும் அப்படியே கட்டினோம். இரண்டாம் ஆண்டு மாநிலப் பங்கு 22,800 26.03.2024இல் வந்தது, அதுவும் முழுசாகக் கட்டியாகிவிட்டது. ஆக நாங்கள் கட்டியது 79,800 ரூபாய். மூன்று ரசீதும் இருக்கின்றன. மூன்றிலும் 'கட்டணம்' என்று மட்டும் போட்டிருக்கிறது, கல்வியாண்டு எழுதும் இடம் காலியாக இருக்கிறது.

இனி கல்லூரிப் பேரேடு. முதலாண்டில் 50,000 கட்டணத்தோடு 'பயிற்சி மற்றும் இதர' என்று 9,000 சேர்த்து 59,000 பற்று எழுதியிருக்கிறார்கள். ஆண்டு முடிவில் வந்திருந்தது மாநிலப் பங்கு மட்டும்தான் என்பதால் தாமத அபராதம் 2,000 போட்டிருக்கிறார்கள். அரசிடமிருந்து இன்னும் விடுவிக்கப்படாத பணத்துக்கு மாணவி எப்படி அபராதம் கட்டுவாள் அய்யா? அக்டோபரில் 34,200 கட்டியதும் முதலாண்டுக் கணக்கில் 4,000 பாக்கி நின்றது. அடுத்த மார்ச்சில் நாங்கள் கட்டிய 22,800 இரண்டாம் ஆண்டுக்கான மாநிலப் பங்கு. ஆனால் கல்லூரியின் மென்பொருள் எந்தப் பணம் வந்தாலும் பழைய பாக்கியில்தான் முதலில் கழிக்கிறது. 4,000 முதலாண்டுக்குப் போய்விட்டது, மீதி 18,800தான் இரண்டாம் ஆண்டில் வரவானது. இரண்டாம் ஆண்டுப் பற்று மறுபடியும் 59,000. அதில் 18,800 போக 40,200, அபராதம் 2,000, ஆக 42,200.

காசாளர் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். '22,800' என்று ஒரே வரவாக இருக்கும் என்று நினைத்தேன். அங்கே 4,000 ஒரு வரி, 18,800 இன்னொரு வரி. அரசு ஒரே தொகையாக அனுப்பியதை இரண்டு ஆண்டுகளுக்குப் பிய்த்துப் போட்டுவிட்டு, அப்புறம் 'உங்கள் மாநிலப் பங்கே முழுசாக வரவில்லையே' என்று என்னிடம் கேட்டார்கள்.

நான் போட்ட கணக்கு இது. கட்டணத்தை மட்டும் எடுத்தால் இரண்டு ஆண்டுக்கு 1,00,000. வந்த மூன்று பங்குகளில் கட்டணப் பகுதி 20,000, 30,000, 20,000, ஆக 70,000. மீதி 30,000 சரியாக இரண்டாம் ஆண்டு மத்தியப் பங்கின் கட்டணப் பகுதி. நாங்கள் கட்டிய 79,800இல் 70,000 போக மிச்சம் 9,800. அது என் தங்கையின் கல்விப்படி (2,800, 4,200, 2,800). அதையும் கல்லூரி கட்டணத்தில் வைத்துக்கொண்டது. அப்படியே பார்த்தாலும் கட்டணத்தில் நிற்க வேண்டிய பாக்கி 20,200தான். கல்லூரி சொல்வது 42,200. வித்தியாசம் 22,000. அது என்ன என்று தேடினேன்: 'பயிற்சி மற்றும் இதர' இரண்டு ஆண்டுக்கு 18,000, அபராதம் இரண்டு தடவை 4,000. ஒரு ரூபாய்கூட இடிக்கவில்லை. உதவித்தொகைப் பாக்கி என்று அவர்கள் சொல்வதில் பாதிக்கு மேல் உதவித்தொகையோடு சம்பந்தமே இல்லாத பணம்.

இரண்டாம் ஆண்டு மத்தியப் பங்கு பற்றி எங்கள் பக்கத்துத் தவறையும் சொல்லிவிடுகிறேன். அது வரவில்லை என்றே ஜனவரி வரை நினைத்திருந்தோம். உங்கள் அலுவலகத்துக்கு இரண்டு தடவை வந்து 'அனுப்பியாச்சு' என்ற பதிலைக் கேட்டுவிட்டு, நம்பாமல் திரும்பினோம். வங்கியில் ஒருவர் சொன்ன பிறகு, ஆதாரில் பதிவான கைபேசியிலிருந்து *99*99*1# போட்டு ஆதார் எண்ணைக் கொடுத்துப் பார்த்தோம். வேறொரு வங்கியின் பெயர் வந்தது. 2024 ஜூலையில் தங்கை ஒரு போன் கடையில் புது சிம் வாங்கும்போது விரல் ரேகை வைத்திருக்கிறாள், அப்போதே அவள் பெயரில் ஒரு பேமென்ட்ஸ் வங்கிக் கணக்கும் திறந்து ஆதாரோடு இணைத்துவிட்டார்கள். ஆதார் வழியாகப் போகும் பணம் விண்ணப்பத்தில் எழுதிய கணக்கைப் பார்ப்பதில்லை, கடைசியாக எந்த வங்கி இணைக்கப்பட்டதோ அங்கே போய்விடுகிறது. 18.11.2024 அன்றே 34,200 அங்கே வந்து கிடந்தது. அந்த சிம்மை அவள் அப்போது பயன்படுத்தவில்லை, குறுஞ்செய்தி யாரும் பார்க்கவில்லை. இப்போது பழைய வங்கியிலேயே மறுபடி இணைத்துவிட்டோம். உங்கள் அலுவலகம் சொன்னது சரிதான். ஆனால் 'அனுப்பியாச்சு' என்பதோடு எந்த வங்கி, கணக்கின் கடைசி நான்கு எண் எது என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தால் அன்றைக்கே விஷயம் முடிந்திருக்கும்.

அந்தப் பணத்தில் கட்டணப் பகுதி 30,000 தயாராக இருக்கிறது. இன்னும் கட்டவில்லை. கட்ட மனமில்லாமல் அல்ல. இன்று கட்டினால் மென்பொருள் அதை 42,200இல் கழித்து, 12,200 இன்னும் பாக்கி என்று காட்டும். உண்மையில் அன்றோடு இரண்டு ஆண்டுக் கட்டணமும் தீர்ந்து, 9,800 ரூபாயைக் கல்லூரிதான் எங்களுக்குத் திருப்பித் தர வேண்டும். அதோடு அந்த 12,200 மூன்றாம் ஆண்டின் மாநிலப் பங்கையும் தின்னும், அடுத்த மார்ச்சிலும் நாங்கள் இதே கவுன்டரில் நிற்போம்.

ஆகவே அய்யா, முதலில் எனக்கு வேண்டியது உங்கள் கையெழுத்தோடு ஒரு தாள். என் தங்கைக்கு இதுவரை விடுவித்த ஒவ்வொரு தொகைக்கும் எதிரே எந்தக் கல்வியாண்டு, மாநிலப் பங்கா மத்தியப் பங்கா, அதில் கட்டணம் எவ்வளவு, கல்விப்படி எவ்வளவு, விடுவித்த தேதி, பரிவர்த்தனை எண், சென்ற வங்கி இவ்வளவும் இருந்தால் போதும். நான்கு வரிதான் வரும். அந்தத் தாளை அடிப்படையாக வைத்து, கல்லூரியின் உதவித்தொகைப் பொறுப்பாளரையும் கணக்குப் பிரிவையும் ஒருநாள் உங்கள் அலுவலகத்துக்கு வரவழைத்து, எங்கள் முன்னால் பேரேட்டைத் திருத்தச் சொல்லுங்கள். எந்த ஆண்டுப் பணமோ அந்த ஆண்டில்தான் வரவு வைக்க வேண்டும், வந்த தேதியைப் பார்த்துப் பழைய பாக்கியில் கழிக்கக் கூடாது. பங்கு வரத் தாமதமானதற்குப் போட்ட 4,000 அபராதத்தை நீக்க வேண்டும். 'பயிற்சி மற்றும் இதர' 18,000ஐ உதவித்தொகைக் கணக்கிலிருந்து எடுத்துத் தனிப்பக்கத்தில் எழுத வேண்டும். அந்தப் பணத்தை வசூலிக்கலாமா கூடாதா என்பதை நீங்கள் தனியாக விசாரித்துச் சொல்லுங்கள், கட்ட வேண்டியதுதான் என்று நீங்கள் சொன்னால் நான் தவணையில் கட்டுகிறேன். திருத்திய அன்றே 30,000ஐக் கட்டி, ஆண்டு எழுதிய ரசீது வாங்கிக்கொள்கிறோம்.

அந்தக் கூட்டம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை, ஹால் டிக்கெட்டை மட்டும் நிறுத்த வேண்டாம் என்று கல்லூரிக்கு இந்த வாரமே ஒரு கடிதம் அனுப்பிவிடுங்கள். தேர்வுக் கட்டணம் கட்டும் நாள் நெருங்குகிறது.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். தங்கை வகுப்பில் உதவித்தொகை வாங்கும் ஆறு பேரின் பேரேட்டு நகலைப் பார்த்தேன், ஆறிலும் முதலாண்டு மத்தியப் பங்கு வந்த பிறகு ஒரு சிறு பாக்கி நின்று, அது அடுத்த ஆண்டு மாநிலப் பங்கைத் தின்றிருக்கிறது. ஒரு பெண் அந்தப் பாக்கியைத் தீர்க்கக் கடன் வாங்கிக் கட்டியிருக்கிறாள், அவளுடைய கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். அவர்களின் ஒப்புதலோடு நகல்களை இணைத்திருக்கிறேன்.

இணைப்பு: இரண்டு வங்கிக் கணக்குகளின் பரிவர்த்தனை விவரம், கல்லூரி ரசீது மூன்று, பேரேட்டு நகல் ஏழு, நான் போட்ட ஒப்பீட்டுக் கணக்கு ஒரு தாள்.

நீங்கள் எந்த நாள் கூப்பிட்டாலும் கடையில் விடுப்பு சொல்லிவிட்டு அசல் ரசீதுகளோடு வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மாணவியின் அண்ணன்