மூன்றாவது அறையில் எது என்னைக் கொன்றது?

அன்புள்ள செந்தில்,

நீ செய்துகொண்டிருக்கும் ஆட்டத்தின் பில்டை அனுப்பியிருந்தாயே, அதை ஞாயிறு முழுக்க விளையாடினேன். வேலை மாறிய சேதியைக் கடைசி வரியில் போட்டிருந்தாயே, அதற்குத் தனியாக எழுதுகிறேன், ரொம்ப சந்தோஷம். இப்போது மனசு முழுக்க அந்த மூன்றாவது அறைதான். ஏழு முறை செத்தேன். சாவது பரவாயில்லை, கஷ்டமான அறை என்று நீயே சொல்லியிருந்தாய். ஆனால் ஏழில் ஐந்து முறை எது என்னைக் கொன்றது என்றே தெரியவில்லை.

அதனால் ஒரு சண்டையை வீடியோவாகப் பதிவு செய்து, ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பார்த்தேன். தீ வட்டத்தைப் போட்டதும் உள்ளே 30 எதிரிகள் சிக்குகிறார்கள். தீ ஒவ்வொருவரையும் 0.25 நொடிக்கு ஒரு தடவை சுடுகிறது, அதாவது ஆளுக்கு நொடிக்கு நான்கு, ஒவ்வொரு அடியும் எவ்வளவு எடுத்தது என்று காட்டும் டேமேஜ் நம்பர் மொத்தம் நொடிக்கு 120. ஒவ்வொரு நம்பரும் மேலே எழும்பி மறைய ஒரு நொடி ஆகிறது. ஆக எந்த நேரத்தில் நிறுத்திப் பார்த்தாலும் திரையில் 120 நம்பர் மிதக்கிறது, அத்தனையும் வெறும் 7. அந்தக் குவியலுக்கு அடியில்தான் அறையின் பெரிய எதிரி, நம் பெரியவன், கோடாரியை ஓங்குகிறான். அவன் ஓங்குவதை நீ எவ்வளவு அழகாக வரைந்திருக்கிறாய், முக்கால் நொடி அவகாசம் வேறு கொடுத்திருக்கிறாய். ஆனால் நம்பர்களை எல்லாவற்றுக்கும் மேலே வரைவதால் அந்த முக்கால் நொடியில் அவன் கை கண்ணுக்கே படவில்லை.

நம்பரை எடுத்துவிடு என்று சொல்லவில்லை, சேர்த்துக் காட்டு என்கிறேன். ஒரே எதிரிக்கு ஒரே ஆயுதத்தால் அடுத்தடுத்து விழும் அடிகள் ஒரே நம்பராக வளரட்டும்: 7, 14, 21, 28 என்று அதே இடத்தில், ஏறும் ஒவ்வொரு தடவையும் லேசாகப் பெரிதாகிச் சுருங்கினால் போதும், கண் அதை எண்ணிக்கை ஏறுவதாகவே எடுத்துக்கொள்ளும். டார்க் சோல்ஸ் ஆட்டத்தில் எதிரியின் உயிரைக் காட்டும் பாருக்கு மேலே அடிகள் கூடிக்கொண்டே போகுமே, அதே மாதிரி. இதில் ஒரு தப்பு எளிதில் நடக்கும், நானும் செய்திருக்கிறேன்: கொஞ்ச நேரம் காத்திருந்து கூட்டி, அப்புறம் மொத்தத்தைக் காட்டுவது. அப்படிச் செய்தால் அடிக்கும் நம்பருக்கும் நடுவே இடைவெளி விழுந்து, வாள் பஞ்சில் படுவது போல ஆகிவிடும். முதல் அடி அதே ஃபிரேமில் தெரிய வேண்டும். அடுத்த அடிக்காக அந்த நம்பரை 0.4 நொடி திறந்து வை, அது தீயின் 0.25-ஐ விடப் பெரிது என்பதால் அடுத்த சூடு தவறாமல் உள்ளே வந்துவிடும். ஆனால் தீ விடாமல் எரியும்போது இந்தக் கணக்கு மூடவே மூடாது, அதனால் எப்படியிருந்தாலும் ஒரு நொடியில் மூடு என்று ஒரு வரம்பும் வேண்டும். மூடியதும் 0.3 நொடியில் மறையட்டும். அப்போது திரையில் 30 வளரும் நம்பர், மறைந்துகொண்டிருப்பவை சராசரியாக ஒன்பது, மொத்தம் சராசரியாக 40-க்குள் அடங்கிவிடும். கிரிட்டிகல் அடியை மட்டும் இதில் கரைத்துவிடாதே, அது தனியாகத் தெரிய வேண்டிய சமாச்சாரம்.

என் விருப்பத்தைக் கேட்டால் தீக்கு இவ்வளவுகூட வேண்டாம். எரியும்போது தலைக்கு மேல் ஒரு சின்னச் சுடர், பார் குறைவது, அவ்வளவே. அணையும்போதோ ஆள் சாகும்போதோ மொத்தம் ஒரு தடவை. இங்கே இன்னொரு விஷயமும் கண்ணில் பட்டது: உன் நம்பர்கள் எதிரியோடு ஒட்டிக்கொண்டிருப்பதால், எதிரி செத்து நீங்கும்போது அவையும் நீங்கிவிடுகின்றன. கொன்ற அடியின் நம்பர் ஒரு தடவைகூடத் தெரியவில்லை. அடி விழுந்த இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு நம்பரைத் தனியாக விட்டால் சரியாகிவிடும்.

அடுத்தது பெரியவனின் ஹெல்த் பார். அடி வாங்கியதும் போன பகுதி வெளிறிய நிறத்தில் கொஞ்சம் நின்று, அப்புறம் வழிந்து இறங்குகிறதே, அது எனக்கு மிகவும் பிடிக்கும், ஒரு அடி எவ்வளவு கடித்தது என்பதை எந்த எண்ணும் இல்லாமல் சொல்லிவிடும். ஆனால் உன் பில்டில் அது வேலை செய்யவில்லை. வெளிறிய பட்டை இறங்குவதற்கு முன் 0.5 நொடி காத்திருக்கிறது, ஒவ்வொரு அடியும் அந்தக் காத்திருப்பை முதலிலிருந்து தொடங்கிவிடுகிறது. தீ 0.25 நொடிக்கு ஒரு தடவை சுட்டால்? பட்டை இறங்க வாய்ப்பே கிடையாது. என் வீடியோவில் பெரியவனுக்கு 40 சதவீதம்தான் பாக்கி, வெளிறிய பட்டையோ முழு நீளத்துக்கு அப்படியே நிற்கிறது. அந்த நேரத்தில் என் பெரிய வாள்வீச்சு விழுந்தது, அது எவ்வளவு எடுத்தது என்று பாரைப் பார்த்துச் சொல்லவே முடியவில்லை. மொத்த உயிரில் 3 சதவீதத்துக்கு மேல் எடுக்கும் அடி மட்டும் காத்திருப்பைத் தொடங்கட்டும், சில்லறை அடிகள் அதைத் தொடவே வேண்டாம்.

பாரில் குறுக்குக் கோடுகள் போடலாமா என்று கேட்டிருந்தாய். போடு. லீக் ஆஃப் லெஜண்ட்ஸில் 100 உயிருக்கு ஒரு கோடு, 1000-க்கு ஒரு தடித்த கோடு, எல்லா வீரருக்கும் பாரின் நீளம் ஒன்றுதான், கோடுகள் நெருக்கமாக இருந்தால் ஆள் கனமானவன் என்று பார்த்ததுமே புரியும்.

ஆனால் எனக்கு நிஜமாகவே வருத்தம் தந்தது என் சொந்த உயிர் விஷயம். என் பார் இடது மேல் மூலையில் இருக்கிறது, கூட்டத்தின் நடுவே என் கண்ணோ என் ஆள் மேலேயே இருக்கிறது. மூலையைப் பார்க்கும் அந்த ஒரு நொடியில்தான் சாகிறேன். காலடியில் மெல்லிய ஒரு பார் வை. அடி எந்தப் பக்கமிருந்து வந்ததோ அந்தப் பக்கம் என் ஆளைச் சுற்றி ஒரு வில் மாதிரி ஒளி. நான் வாங்குவதும் நான் கொடுப்பதும் இப்போது இரண்டுமே ஆரஞ்சும் சிவப்புமாக மேலே எழும்புகின்றன, நிறத்தை மாற்றினால் மட்டும் போதாது, சிவப்பு பச்சை பிரித்தறிய முடியாதவர்கள் நிறைய பேர். நான் வாங்கியது கழித்தல் குறியோடு கீழே விழட்டும், வடிவமும் திசையும் நிறத்தை நம்பி இல்லை.

வாம்பயர் சர்வைவர்ஸில் நம்பர் கொட்டுகிறதே என்று நீ கேட்பாய். அங்கே பெரும்பாலும் எதிரி மேலே பட்டால்தான் அடி, ஓங்கும் கை என்று மறைவதற்கு ஒன்றும் இல்லை, அதனால் அந்த மழை இடைஞ்சல் செய்வதில்லை. அங்கேயும் நம்பரை அணைத்துவிட ஒரு தேர்வு வைத்திருக்கிறார்கள். உன் ஆட்டம் ஓங்கும் கையைப் பார்த்து விலகும் ஆட்டம், கணக்கே வேறு.

சரி பார்க்க ஒரு வழி சொல்கிறேன். நேற்று என் தம்பியை விளையாட வைத்து, அவன் உயிர் குறைந்ததும் ஆட்டத்தை நிறுத்தி, திரையை மறைத்துவிட்டுக் கேட்டேன்: யார் அடித்தது, எந்தப் பக்கமிருந்து, இன்னும் எவ்வளவு மிச்சம்? முதல் அறையில் மூன்றுக்கும் பட்டென்று பதில் வந்தது. மூன்றாவது அறையில் "தெரியல, ஏதோ பட்டுச்சு" என்றான், திரும்பத் திரும்ப அதே பதில். அடுத்த பில்டை அனுப்பு, அதே அறையில் அவனையே உட்காரவைத்துக் கேட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
முரளி