மூச்சுக்கருவியைப் பூட்டி வைக்காதீர்கள்: குடிநீர் நிலையப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்துக் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களை நடத்தும் பொறியாளர்களுக்கும் ஒப்பந்ததாரர்களுக்கும் வணக்கம். பல வருடம் ஷிப்ட் ஆபரேட்டராக இருந்தவன் எழுதுகிறேன். கேட்பது ஒன்றுதான்: காற்றுச் சிலிண்டரை முதுகில் சுமந்து முகமூடி வழியாக மூச்சு விடும் மூச்சுக்கருவியை, குளோரின் அறைக்கு வெளியே, பூட்டில்லாத பெட்டியில், இரண்டு செட்டாக வையுங்கள்.

நான் இருந்த ஒரு நிலையத்தில் கருவி ஆபீஸ் பீரோவுக்குள் இருந்தது. சாவி சூப்பர்வைசரிடம். ஒரு ராத்திரி குளோரின் டன் சிலிண்டரின் வால்வும் காப்பர் பைப்பும் சேரும் இடத்தில் கசிவு. கூட இருந்த ஒப்பந்தத் தொழிலாளி சின்னப் பையன். "அண்ணா, ஈரத் துண்டைக் கட்டிட்டு ஒரே ஓட்டமா போயி மூடிட்டு வந்தர்றேனுங்க" என்றான். விடவில்லை. ஈரத்துணி குளோரினைத் தடுக்காது. வாயு அந்த ஈரத்தில் கரைந்து அமிலமாகி மூக்கிலேயே ஒட்டும். சாவி வந்து சேரும்வரை கசிவு நிற்கவில்லை. கருவி கையில் இருந்திருந்தால் அது ஐந்து நிமிட வேலை.

அந்த ஐந்து நிமிடத்தில் செய்ய வேண்டியது என்ன? முதலில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, காற்று வரும் பக்கமாக எல்லோரும் விலகிவிட வேண்டும். குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு கனம். தரையோடு தவழ்ந்து பள்ளத்திலும் சாக்கடையிலும் தேங்கும். அதனால் குனிந்து ஓடக்கூடாது, பள்ளத்துப் பக்கம் போகக்கூடாது. அப்புறம் இரண்டு பேர் கருவி மாட்டி உள்ளே போக வேண்டும். கருவியோடு தயாராக வெளியேயும் ஆள் நிற்க வேண்டும். உள்ளே போனதும் சிலிண்டர் வால்வை மூடினால், இந்த மாதிரி இணைப்புக் கசிவு அங்கேயே நின்றுவிடும். சந்தேகம் இருந்தால் அம்மோனியா பாட்டிலின் ஆவியைக் காட்டுங்கள். கசியும் இடத்தில் வெள்ளைப் புகை எழும். அம்மோனியாத் திரவத்தை மேலே ஊற்றக் கூடாது. நின்றதும் பழைய வாஷரை வீசிவிட்டுப் புதியது போட வேண்டும். ஒவ்வொரு முறை சிலிண்டர் மாற்றும்போதும் புது வாஷர்தான். பழையதையே திருப்பிப் போடுவதில்தான் பாதிக் கசிவு பிறக்கிறது என்பது என் அனுபவம்.

கசிவின் மேல் தண்ணீர் அடிப்பது நம்மூரில் இன்னும் போகாத பழக்கம். தண்ணீரும் குளோரினும் சேர்ந்து அமிலமாகி இரும்பைத் தின்னும், சின்ன ஓட்டை பெரிதாகும். சிலிண்டர் உடம்பிலேயே ஓட்டை விழுந்து திரவமாக வழிந்தால் மட்டும் வேறு வழி: ஓட்டை மேலே வரும்படி சிலிண்டரை உருட்டுங்கள். ஒரு லிட்டர் திரவம் சுமார் 460 லிட்டர் வாயுவாக விரியும். வாயுவாக மட்டும் வெளியேறினால் கசியும் அளவு வெகுவாகக் குறையும்.

இப்போது கருவிக்கு வருகிறேன். முதுகில் மாட்டும் சிலிண்டர் 6 லிட்டர். நிறைத்தால் 300 பார் அழுத்தம், அதாவது 1800 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 40 லிட்டர் இழுத்தால் 45 நிமிடம் என்று சொல்வார்கள். மாதக்கணக்கில் பீரோவில் கிடந்த சிலிண்டரின் மீட்டர் 180 காட்டுகிறது என்று வையுங்கள். அது 1080 லிட்டர். 50 பாரில் விசில் அடிக்கும். அந்த 300 லிட்டர் வெளியே வருவதற்கான இருப்பு. மிச்சம் 780 லிட்டர். பயத்தோடு ஸ்பேனர் பிடிப்பவன் நிமிடத்துக்கு 60 லிட்டர் இழுப்பான்: 13 நிமிடம்தான். மீட்டரை ஷிப்டுக்கு ஒருமுறை பார்த்து எழுதச் சொல்வது இதனால்தான்.

முகமூடியையும் சோதிக்க வேண்டும். மாட்டிக்கொண்டு, காற்று வரும் வழியை உள்ளங்கையால் அடைத்து மூச்சை இழுத்தால் ரப்பர் முகத்தோடு ஒட்டி நிற்க வேண்டும். ஒட்டாவிட்டால் எங்கோ ஒழுகுகிறது. நான்கு நாள் தாடி போதும், ஓரமாக இடைவெளி விழும். வடிகட்டி டப்பா மாட்டும் மாஸ்க் கசிவுக்குள் போக உதவாது. எவ்வளவு வாயு இருக்கிறது என்று தெரியாத இடத்தில் அதை நம்பி ஆளை அனுப்பாதீர்கள்.

எங்கே மாட்டுவது? பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்று மேற்கிலிருந்து அடிக்கும். கிழக்கு வாசலில் மாட்டியிருந்தால் வாயு அங்கேதான் வரும். ஐப்பசிக்கு அப்புறம் வாடை திரும்பிவிடும். அதனால் ஒரு செட் மேற்கே, இன்னொன்று கிழக்கே, அறையிலிருந்து தள்ளி வையுங்கள். உள்ளே போகிறவர்கள் இரண்டு பேர், வெளியே தயாராக நிற்பவர்கள் இரண்டு பேர். ஆகவே ஒரு செட் என்பது நான்கு கருவி.

அடுத்த டெண்டரில் இந்தக் கருவிகளையும், காற்று நிரப்பும் செலவையும், ஒப்பந்தத் தொழிலாளர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவற்றை மாட்டி வால்வு மூடிப் பழகும் ஒத்திகையையும் சேர்த்து எழுதுங்கள். ராத்திரி ஷிப்டில் தனியாக இருக்கும் ஆபரேட்டருக்கு உள்ளே போக உத்தரவில்லை, விலகி நின்று தீயணைப்புத் துறையைக் கூப்பிட வேண்டும் என்பதையும் அறைக் கதவிலேயே எழுதி ஒட்டுங்கள்.