நாள் உச்சவரம்பை உயர்த்தித் தாருங்கள்: வங்கிக்கு ஒரு காரைக்குடிப் பலகாரக்கடையின் மடல்

எங்கள் நடப்புக் கணக்கு இருக்கும் வங்கியின் கிளை மேலாளருக்கும், தலைமை அலுவலகத்தில் இணைய வங்கிப் பிரிவைப் பார்ப்பவர்களுக்கும் வணக்கம்.

காரைக்குடியில் தேன்குழல், அதிரசம், மாவுருண்டை போட்டு விற்கும் சிறு கடை எங்களுடையது. எங்கள் கணக்கில் ஒரு நாளைக்கு இணையம் வழியாக 2 லட்சம் ரூபாய்தான் அனுப்ப முடிகிறது. சாதாரண மாதங்களில் அது போதும். தீபாவளிச் சரக்கு எடுக்கும்போதுதான் கழுத்தைப் பிடிக்கிறது.

போன தீபாவளிக் கணக்கையே சொல்கிறேன். விருதுநகர் மண்டிக்கு உளுந்துக்கும் பாசிப்பருப்புக்கும் 2,60,000, எண்ணெய்க்கு 1,80,000, நெய்க்கு 1,10,000. மொத்தம் ஐந்தரை லட்சம். பணம் கணக்கில் இருந்தும் அனுப்பி முடிக்க மூன்று நாள். மண்டியில் முழுத்தொகையும் வரவானால்தான் லோடு ஏற்றுவார்கள். முதல் நாள் 2 லட்சம், மறுநாள் மிச்சம் 60,000 என்று ஒரே பில்லைப் பிய்த்து அனுப்பினோம். லாரி ஒரு நாள் நின்றது. மாவு மில்லில் சொல்லி வைத்த முறையும் போயிற்று.

ஆர்டிஜிஎஸ் இருக்கிறதே என்பீர்கள். அதில் குறைந்தபட்சமே 2 லட்சம். ரிசர்வ் வங்கி மேல்வரம்பு எதுவும் வைக்கவில்லை. 2020 டிசம்பரிலிருந்து இரவு பகல் பாராமல் ஓடுகிறது. ஆனால் உங்கள் 2 லட்ச வரம்புக்குள் மண்டி பில் அடங்காதே! கிளைக்கு வந்து செக்கும் படிவமும் கொடுக்கலாம்தான். இரண்டாம், நான்காம் சனிக்கிழமையும் ஞாயிறும் அதற்கும் வழியில்லை. ரொக்கமாகக் கொடுத்தால், ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் போனதை வருமானவரியில் செலவாகக் காட்ட முடியாது.

திருட்டுப் பயத்தால்தான் வரம்பு என்று கிளையில் சொன்னார்கள். நியாயமான பயம். ஆனால் திருடுகிறவன் புதிதாக ஒரு கணக்கைச் சேர்த்து அதற்குத்தான் பணத்தைத் தள்ளுவான். எங்கள் பணம் போவதோ வருடக்கணக்காக அதே மண்டிக்கும் அதே எண்ணெய்க் கடைக்கும். எனவே எல்லாவற்றுக்கும் வரம்பைத் தளர்த்தச் சொல்லவில்லை. நாங்கள் எழுதிக் கொடுக்கும் பழைய சப்ளையர் கணக்குகளுக்கு மட்டும் நாளொன்றுக்கு 6 லட்சம் ஆக்குங்கள். புதிய கணக்குகளுக்கு இப்போதுள்ள கட்டுப்பாடு அப்படியே இருக்கட்டும்.

2 லட்சத்துக்கு மேல் போனால் ஒருவர் பதிவு செய்து, இன்னொருவர் தன் போனுக்கு வரும் ஓடிபி போட்டு ஒப்புதல் தரட்டும். கடையில் அந்த இரண்டு பேர் நானும் என் தம்பியும். அப்புறம், சீசன் முடிந்ததும் வரம்பை நாங்களே குறைத்துக்கொள்ள ஒரு வசதி வேண்டும். ஏற்ற மட்டும் வழி வைத்து இறக்க வழி வைக்காவிட்டால் எங்களுக்கே பயம்தான்.

ஜிஎஸ்டி கணக்கு, சப்ளையர் பில்கள், கணக்குப் பட்டியல் எல்லாம் தயாராக இருக்கின்றன. ஆவணிக் கடைசியில் மண்டிக்கு முன்பணம் போட வேண்டும். முடியும், முடியாது என்பதை அதற்குள் எழுத்தில் சொல்லிவிடுங்கள். முடியாது என்றால், பெரிய பில்களுக்கு மட்டும் வேறு வங்கியில் ஒரு கணக்கு திறக்க வேண்டியிருக்கும்.