தண்ணீர் கலங்கினால் கரையேறுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரெனப் பெருகிய வெள்ளம் 17 வயதுச் சிறுவனின் உயிரைப் பறித்தது. கீழே வெயில் அடித்தாலும், மலைமேல் கொட்டும் மழை பாறைச் சரிவில் வழிந்து கொஞ்ச நேரத்தில் அருவிக்கு வந்துவிடும். தெளிந்த தண்ணீர் செம்மண் நிறமாகக் கலங்கும்; சருகும் சுள்ளியும் சேர்ந்து விழும்; இரைச்சல் கனக்கும். இதில் ஒன்று தெரிந்தாலும் துணி, செருப்பு, செல்போன் எதையும் தேடாமல் பக்கவாட்டில் மேடேறிவிட வேண்டும். ஓடையோடு கீழ்நோக்கி ஓடினால் வெள்ளம் முந்திவிடும். சில சமயம் எந்த அறிகுறியும் காட்டாமலே வெள்ளம் வரும். அதனால் மலை கறுத்திருந்தால், தடை போடாவிட்டாலும் அன்று இறங்கவே வேண்டாம். உடை மாற்றும் இடங்களில் இவற்றைப் படத்துடன் எழுதி வைக்க மாவட்ட நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

- வாசகர், தென்காசி