ஞாயிறு நாய்க் காட்சி: எல்லோரும் படிக்கவும்

வணக்கம் நண்பர்களே. நம் குறும்படத்தின் தெருநாய்க் காட்சி வரும் ஞாயிறு காலை 6 மணிக்கு, அஸ்தம்பட்டி டீக்கடைச் சந்தில். 8 மணிக்கு மேல் வண்டிச் சத்தம் கூடிவிடும், அதோடு முடித்துக்கொள்வோம்.

1. சந்துக்குள் ஐந்து பேர் போதும். மற்றவர்கள் மெயின் ரோட்டில் நிற்கவும்.

2. சனி மாலையே ட்ரைபாடைக் கொண்டுபோய் அரை மணி நேரம் வைப்போம். நாய் வந்து மோந்து பார்த்துவிட்டுப் போகட்டும். புதுப் பொருள் என்ற பயம் விட்டுப்போகும்.

3. தினமும் சோறு வைக்கும் அக்கா கேமராவுக்குப் பின்னால், லென்ஸை ஒட்டி நிற்பார். அவரைத்தான் நாய் பார்க்கும். திரையில் நாயகனைப் பார்ப்பது போலத் தெரியும். உப்பு, மசாலா போடாமல் வேகவைத்த கோழி, விரல்நுனி அளவுத் துண்டுகள். வயிறு நிறைந்தால் படுத்துவிடும், அதனால் டேக்குக்கு ஒரு துண்டுதான்.

4. தொடக்கத்தில் கிளாப் வேண்டாம், அந்தச் சத்தத்துக்கே ஓடிவிடும். ஷாட் முடிந்ததும் போர்டைத் தலைகீழாகக் காட்டி மெதுவாகத் தட்டினால் எடிட்டருக்குப் புரியும்.

5. பசியோ தூக்கமோ இல்லாமல் அடிக்கடி உதட்டை நக்கினால், கொட்டாவி விட்டால், வாலை இடுக்கினால் நாய் மிரள்கிறது என்று அர்த்தம். உடனே கட். கயிறு கட்டுவதோ வழி மறிப்பதோ கூடாது.

6. பல்லோ நகமோ பட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனையில் ஊசி.

விலங்குகள் நல வாரிய அனுமதிக் கடிதம் கையில் இல்லாமல் கேமராவை எடுக்க மாட்டோம்.

வருபவர்கள் வெள்ளி இரவுக்குள் பெயர் போடுங்கள். லாங் லென்ஸ் யாரிடம் இருக்கிறது, அதையும் சொல்லுங்கள்.